பத்து கிலோமீட்டர், எட்டு சிக்னல்: டயர் காற்று, சீரான வேகம், ஐட்லிங் ஆகியவற்றின் உண்மையான பெட்ரோல் கணக்கு

டயரில் காற்று சரியாக இருந்தால் மைலேஜ் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்று அளக்கப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் முறையில் பம்ப் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். வண்டி நிற்கும் சாய்வு, பெட்ரோல் பாயும் வேகம், நுரை எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் வரை வித்தியாசம் காட்டலாம். 30 லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் என்பது 3 சதவீதத்துக்கு மேல். ஆனால் நான்கு டயரிலும் 5 பிஎஸ்ஐ குறைவதன் விளைவு ஏறத்தாழ 1 சதவீதம்தான். அளவுகோலின் பிழையே அளக்க வேண்டிய பொருளைவிடப் பெரிதாக இருக்கிறது. டேங்க் முறையில் ஒரே நிரப்பலில் "இரண்டு கிலோமீட்டர் கூடிவிட்டது" என்று தெரிந்தால், அது காற்றால் வந்தது அல்ல.

ஆகவே டயர் காற்று, ஐட்லிங், வேக மாற்றம் மூன்றையும் மூன்று வழியில் பிரித்து அளக்க வேண்டும். டயருக்கு உருட்டல் சோதனை, வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐட்லிங்குக்கு எஞ்சின் கணினியின் எண்களைப் படிக்கும் ஓபிடி கருவி, வேக மாற்றத்துக்கு இரண்டையும் சேர்த்த ஒரு கணக்கு. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வண்டி, ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட, கையால் கியர் மாற்றும் சிறிய கார். கதவுத் தூணில் ஒட்டிய அட்டையில் குறிப்பிட்ட டயர் அழுத்தம் 33 பிஎஸ்ஐ.

ஐட்லிங்: ஓபிடியில் பார்ப்பது

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ELM327 வகைக் கருவியைச் செருகி, போனில் ஒரு டெர்மினல் ஆப் வழியாக நேரடியாகவே கேட்கலாம்.

```
010C  ->  41 0C 0B B8
0110  ->  41 10 00 C8
```

முதல் வரி எஞ்சின் சுழற்சி. 0B B8 என்பது 3000. அதை 4 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 750 சுற்று. இரண்டாவது வரி எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்று. 00 C8 என்பது 200. அதை 100 ஆல் வகுத்தால் வினாடிக்கு 2 கிராம். பெட்ரோல் எஞ்சின் சூடான பிறகு, 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்ற விகிதத்தைக் கணினி விடாமல் பிடித்துக்கொள்ளும். எனவே:

```
லிட்டர்/மணி = (MAF / 14.7) * 3600 / 740
```

MAF என்பது எஞ்சின் இழுக்கும் அந்தக் காற்று, வினாடிக்கு இத்தனை கிராம் என்று. 740 என்பது ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை, கிராமில். 2 கிராம் காற்றுக்கு மணிக்கு 0.66 லிட்டர் வரும். மின்விசிறி, விளக்கு என்று ஜெனரேட்டர் சுமை ஏறினால் 0.7. ஏசி போட்டால் 1.1 வரை போகும். எத்தனால் கலந்த பெட்ரோலில் 14.7 என்ற எண் இறங்கும்; 10 சதவீதக் கலவைக்கு 14.1 என்று வைக்கலாம்.

இந்தச் சூத்திரம் ஏமாற்றும் இடங்கள் உண்டு. டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டே ஓடும் என்பதால் காற்றை வைத்து டீசலைக் கணக்கிடவே முடியாது. அந்த வண்டி `015E` என்ற கேள்விக்குப் பதில் தந்தால் எரிபொருள் அளவை நேரடியாகப் படிக்கலாம். காற்றளவு சென்சார் இல்லாத பெட்ரோல் வண்டிகள் `0110`க்குப் பதில் தராது. அவற்றில் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து ஆப் ஊகிக்கும், அந்த ஊகத்தைப் பல டேங்குகளின் சராசரியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மூன்றாவது இடம்தான் பலர் கவனிக்காமல் விடுவது. கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடும். ஆனால் எஞ்சின் காற்றை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சூத்திரமோ அந்தக் காற்றுக்கும் பெட்ரோல் கணக்குப் போட்டுவிடும். அந்த நேரத்தில் எரிபொருள் அமைப்பின் நிலையைச் சொல்லும் `0103` கேட்டுப் பாருங்கள். வழக்கமாக 02 காட்டும் இடத்தில் 04 வந்தால் பெட்ரோல் நின்றிருக்கிறது, அந்த வினாடிகளுக்குப் பூஜ்யம் என்று எழுத வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் போகும்போதும் இதே 04 வரலாம் என்பதால், கால் பெடலில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதே கருவியால் இன்னொரு எண்ணையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் நின்றபடி 1800 சுற்றில் எஞ்சினைப் பிடித்தால் காற்று வினாடிக்கு 4 கிராம் அருகே வரும். அதாவது மணிக்கு 1.3 லிட்டர். சக்கரத்துக்கு எதுவும் தராமல், எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள மட்டும் ஆகும் செலவு இது. பின்னால் வரும் கணக்கின் மிகப் பெரிய வரி இதுதான்.

டயர்: உருட்டல் சோதனை

தட்டையான, நேரான, ஆளில்லாத சாலை வேண்டும். ஒரு திசையில் குறைந்தது 600 மீட்டர். காற்று வீசாத நேரம். டயர் குளிர்ந்திருக்கும்போது 33 பிஎஸ்ஐ வைத்து, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். குளிர்ந்த ரப்பர் அதிகம் இழுக்கும் என்பதால் முதல் ஓட்டத்தையும் ஐந்தாவது ஓட்டத்தையும் ஒப்பிட்டால் பொய்யான முன்னேற்றம் தெரியும்.

45 கி.மீ. வேகத்துக்குப் போய் நியூட்ரலுக்கு மாற்றி, 40 காட்டும் நொடியில் கடிகாரத்தைத் தொடங்கி, 20 காட்டும்போது நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அணைத்தால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். உடனே திரும்பி எதிர்த்திசையில் அதே சோதனை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மூன்று ஜோடி போதும்.

40க்கும் 20க்கும் இடையில் ஏன்? அந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்றின் எதிர்ப்பு குறைவு. வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் டயர்தான். நம் வண்டிக்கு டயரின் இழுப்பு 118 நியூட்டன் என்றால், 30 கி.மீ. வேகத்தில் காற்றின் எதிர்ப்பு 27 மட்டுமே. சக்கரங்களின் சுழல் எடையையும் சேர்த்து 1240 கிலோ என்று வைத்தால், வேகம் 40லிருந்து 20க்கு இறங்க ஏறத்தாழ 47 வினாடி ஆகும், வண்டி 400 மீட்டர் அளவுக்கு உருளும். இப்போது நான்கு டயரிலும் 8 பிஎஸ்ஐ இறக்கினால் டயரின் இழுப்பு 12 சதவீதம் போல ஏறி 132 நியூட்டன் ஆகும். நேரம் 43 வினாடிக்கு வரும், உருளும் தூரம் 35 மீட்டர் குறையும். டேங்க் முறையில் கண்ணுக்கே தெரியாத விளைவு இங்கே கையில் இருக்கும் கடிகாரத்தில் தெரிகிறது.

இரண்டு திசைகளின் நேரத்தை நேராகக் கூட்டி இரண்டால் வகுப்பது தவறு. 100 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சரிவு கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். ஆனால் அது மட்டுமே 23 நியூட்டன் தள்ளும். டயரில் 8 பிஎஸ்ஐ குறைவதால் வரும் 14 நியூட்டனைவிட அதிகம். அந்தச் சாலையில் ஏறும்போது 41 வினாடியும் இறங்கும்போது 57 வினாடியும் வரும். நேர்ச் சராசரி 49. உண்மையான விடை 47.7, ஏனென்றால் சராசரி எடுக்க வேண்டியது வேகம் குறையும் வீதத்தை, அது நேரத்தின் தலைகீழ்:

```
t = 2 / (1/41 + 1/57) = 47.7
```

சோதனைக்காகக் காற்றை இறக்கினால், கையில் சொந்த அளவியும் சிறு கம்ப்ரசரும் இல்லாமல் தொடங்காதீர்கள். 25 பிஎஸ்ஐயில் அந்தச் சாலையைத் தாண்டி வேகமாக எங்கும் போகக் கூடாது.

அழுத்தம் பார்ப்பதில் நடைமுறைத் தவறு பெரும்பாலும் சூட்டில்தான் நடக்கிறது. 33 பிஎஸ்ஐ டயரில் உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் 36 காட்டும். "அதிகமாக இருக்கிறது" என்று 33க்கு இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அது 30. மூன்று மணி நேரம் நின்ற வண்டியில், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடிய வண்டியில் பார்ப்பதே சரியான அளவு. வேறு வழியில்லாமல் சூட்டில்தான் அடிக்க வேண்டும் என்றால் 3 பிஎஸ்ஐ கூட்டி வைத்துவிட்டு மறுநாள் காலையில் சொந்த அளவியில் திருத்துங்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. வைக்க வேண்டிய எண் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய அட்டையில் இருக்கிறது. டாஷ்போர்டின் டயர் எச்சரிக்கை விளக்கை நம்பிக் காத்திருப்பதும் பயனில்லை. பல வண்டிகளில் கால் பங்கு அழுத்தம் போன பிறகுதான் அது எரியும். 33க்கு அது 25, அதாவது மேலே சோதித்த அதே நிலை.

பத்து கிலோமீட்டரின் கணக்கு

இப்போது மூன்றையும் ஒரே சாலையில் வைப்போம். நகரத்துக்குள் 10 கிலோமீட்டர், எட்டு சிக்னல். எட்டிலும் சிவப்பு, ஒவ்வொன்றிலும் 45 வினாடி. இடையில் 50 கி.மீ. வேகம். ஏசி இல்லை, எஞ்சின் சூடாக இருக்கிறது. நகரும் நேரம் 16 நிமிடம், நிற்கும் நேரம் 6.

ஒரு லிட்டர் பெட்ரோலில் 32,000 கிலோஜூல் இருக்கிறது. எஞ்சின் தன்னைச் சுற்றிக்கொள்ளும் செலவைத் தனி வரியில் எழுதிவிட்டால், அதற்கு மேல் எரிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 10,400 கிலோஜூல், சக்கரத்தை வந்து சேரும். இப்படிப் பிரித்து எழுதாமல், மொத்தச் செலவில் டயரின் பங்கு இத்தனை சதவீதம் என்று போடுவதால்தான் டயர் காற்றுக்கு ஊதிப் பெருத்த எண்கள் உலவுகின்றன.

டயரின் இழுப்பு 118 நியூட்டன், 10 கிலோமீட்டருக்கு 1180 கிலோஜூல், அதற்கு 113 மி.லி. காற்று எதிர்ப்புக்கு 58 மி.லி. 50 கி.மீ. வேகத்தில் வண்டியின் இயக்க ஆற்றல் 116 கிலோஜூல். நிறுத்தும்போது டயரும் காற்றும் எடுத்துக்கொள்வது போக 108 பிரேக்கில் வெப்பமாகப் போகிறது. எட்டு தடவைக்கு 83 மி.லி. சிக்னலில் நின்று எரிப்பது, மணிக்கு 0.7 லிட்டர் வீதம், 70 மி.லி. பிரேக் பிடிக்கும் நேரம் போக 14 நிமிடம் எஞ்சின் தன்னைச் சுற்றிக்கொள்ள 308 மி.லி. மொத்தம் 632 மி.லி.; லிட்டருக்கு 15.8 கிலோமீட்டர்.

டயரில் 8 பிஎஸ்ஐ குறைந்தால் இதில் கூடுவது 14 மி.லி., 2 சதவீதத்துக்குச் சற்று மேல். அமெரிக்க எரிசக்தித் துறையின் எரிபொருள் வழிகாட்டி தரும் கணக்கு, சராசரி அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் என்பது, 8க்கு 1.6 வரும். இரண்டும் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2 பிஎஸ்ஐ குறைவுக்கு மைலேஜை எதிர்பார்த்து ஓட வேண்டியதில்லை. ஆனால் டயரின் தேய்மானத்தையும் சூட்டையும் குறைக்கச் சரியான அழுத்தம் தேவை, அந்தக் காரணத்துக்காகவே மாதம் ஒரு தடவை பார்ப்பது சரி. அட்டை சொல்வதற்கு மேல் 5 பிஎஸ்ஐ அடித்து இன்னும் ஒரு சதவீதம் பிடிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். சாலையைத் தொடும் பரப்பு சுருங்கி, டயரின் நடுப்பகுதி முதலில் தேயும், குண்டு குழியில் பிடிப்பு குறையும்.

சிக்னலில் எஞ்சினை அணைத்தால்? சூடான இன்ஜெக்டர் எஞ்சினைத் திரும்பக் கிளப்ப ஆகும் செலவு ஏறத்தாழ 10 வினாடி ஐட்லிங்குக்குச் சமம். 45 வினாடி நின்றால் 35 வினாடி மிச்சம், 7 மி.லி. எட்டுக்கும் சேர்த்து 54. அதாவது 8 சதவீதத்துக்கு மேல். நல்ல மிச்சம்தான், ஆனால் நிபந்தனைகள் உண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியாத சிவப்பில் அணைத்துப் பதினைந்தாவது வினாடியில் கிளப்பினால் மிச்சம் 1 மி.லி. மட்டும். நேரம் காட்டும் சிக்னலில் 30க்கு மேல் இருந்தால் அணைக்கலாம் என்று வைத்துக்கொள்வது வசதி. தானாக அணைந்து எழும் வசதியோடு வராத வண்டியின் சாதாரண பேட்டரி, நாளுக்குப் பல தடவை ஸ்டார்ட் செய்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. நகருக்குள் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அது நிரம்பாமலே தேயும். எட்டில் மிக நீளமான இரண்டு மூன்று சிக்னலோடு நிறுத்திக்கொள்வதே அப்படிப்பட்ட வண்டிக்கு ஏற்றது. நியூட்ரல், கைப்பிரேக், பிறகு சாவி என்ற வரிசையை மாற்றாதீர்கள். வண்டி நகரும்போது சாவியைத் தொடவே கூடாது.

பிரேக்கில் போகும் பணம்

ஒரு தடவை 50லிருந்து முழுதாக நிறுத்துவதில் பிரேக் விழுங்குவது 10 மி.லி.க்குச் சற்று அதிகம். ஐட்லிங்கில் அது 53 வினாடி. பெரும்பாலானோருக்குக் கண்ணில் படுவது சிவப்பில் நின்றபடி வீணாகும் அந்த நிமிடம். அதற்கு இணையான அளவு, நிற்பதற்கு முந்தைய ஐந்து ஆறு வினாடியிலேயே போய்விட்டது என்பது தெரிவதில்லை.

பிரேக்கை மென்மையாக மிதிப்பதால் மட்டும் இது குறையாது. 108 கிலோஜூலும் வெப்பமாகத்தான் போகும். குறைக்கும் வழி, சிவப்பு தெரிந்தவுடன் முன்கூட்டியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. நான்காவது கியரில் 50லிருந்து 30க்கு வண்டி தானாகவே இறங்க ஏறத்தாழ 200 மீட்டர் எடுக்கும், அந்த 200 மீட்டருக்கும் பெட்ரோல் பூஜ்யம். அதே 200 மீட்டரை 50 வேகத்தில் ஓட்டியிருந்தால் சக்கரத்துக்கு 4 மி.லி.யும் எஞ்சினுக்கு 5 மி.லி.யும் ஆகியிருக்கும். ஒரு சிக்னலுக்கு 9 மி.லி. மிச்சம், இழந்த நேரம் நான்கு வினாடி, அதுவும் எப்படியும் சிவப்பில் நிற்கப்போகிற நேரம். எட்டு சிக்னலுக்கு 72 மி.லி.; எட்டிலும் எஞ்சினை அணைத்து மிச்சம் பிடிப்பதைவிட அதிகம். போய்ச் சேரும்போது பச்சை விழுந்துவிட்டால் நிற்கவே தேவையில்லாமல் போகும், அப்போது மிச்சம் இன்னும் கூடும்.

இங்கே நியூட்ரலுக்கு மாற்றி உருளவிடுபவர்கள் உண்டு. உருளும் தூரம் கூடும் என்பது உண்மை, ஆனால் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும். நிற்கத்தான் போகிறோம் என்று தெரிந்த இடத்தில் கியரிலேயே இருப்பது நல்லது, வண்டியும் கட்டுப்பாட்டில் இருக்கும். சுற்று 1200க்குக் கீழே வரும்போது பெரும்பாலான எஞ்சின்களில் இன்ஜெக்டர் மறுபடி திறந்துவிடும். அதற்கு முன் கியரை இறக்கினால் பூஜ்யம் நீடிக்கும். உங்கள் வண்டியில் எந்தச் சுற்றில் திறக்கிறது என்பதை `0103` சொல்லும். பின்னால் ஒட்டி வரும் வண்டி இருந்தால் பிரேக் விளக்கு எரியாமல் வேகம் குறைவதை அவர் கவனிக்காமல் போகலாம். கண்ணாடியைப் பார்த்து, தேவைப்பட்டால் பெடலை லேசாகத் தொட்டு விளக்கை மட்டும் எரியவிடுங்கள்.

எஞ்சினின் 308 மி.லி. வரியையும் கவனியுங்கள். அது சுற்று எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். அடுத்த கியருக்குக் கொஞ்சம் முன்பே மாறி, 1800 சுற்றில் ஓடிய இடத்தில் 1450ல் ஓடினால் இந்தப் பத்து கிலோமீட்டரில் 50 மி.லி. குறையும். எஞ்சின் அதிர்ந்தாலோ, ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி தயங்கினாலோ அந்தக் கியர் அந்த வேகத்துக்கு உயரம், ஒன்று இறக்கிவிடுங்கள். ஏசியோ மணிக்கு 0.4 லிட்டர் என்று வைத்தாலும் 22 நிமிடத்துக்கு 147 மி.லி. எடுக்கும். ஒப்பிடும் இரண்டு ஓட்டங்களில் ஒன்றில் ஏசி ஓடி, மற்றதில் ஓடாவிட்டால் மேலே பிரித்த எந்த எண்ணும் அதற்குள் காணாமல் போய்விடும்.

நெடுஞ்சாலையில் சீரான வேகம்

80ல் சீராகப் போவதற்குப் பதில் வேகம் 70க்கும் 90க்கும் இடையில் மெதுவாக ஏறி இறங்கினால் காற்று எதிர்ப்பு எவ்வளவு கூடும்? வேகத்தின் இருமடியைச் சராசரி எடுத்தால் 6400க்குப் பதில் 6500, ஒன்றரை சதவீதம்தான். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரால் மட்டும் ஏறி இறங்கும் வேகம் பெரிய இழப்பே இல்லை. 90ல் முன்வண்டியை நெருங்கி, பிரேக் மிதித்து 70க்கு வந்து, மறுபடி 90க்கு ஏறுவதுதான் இழப்பு. அந்த ஒரு மிதியில் போவது 148 கிலோஜூல், 14 மி.லி.; நகரத்தில் 50லிருந்து முழுதாக நிற்பதைவிட அதிகம், எட்டு பிஎஸ்ஐ குறைந்த டயர் பத்து கிலோமீட்டரில் குடிப்பதற்குச் சமம். அதிக வேகத்தில் போகும்போது வேகம் சிறிது குறைந்தாலும் இழக்கும் ஆற்றல் மிகுதி என்பதால் இது நடக்கிறது. முன்வண்டிக்கு மூன்று வினாடி இடைவெளி விட்டால், அவர் வேகம் குறைக்கும்போது காலை எடுப்பதோடு முடிந்துவிடும். க்ரூஸ் கண்ட்ரோல் தட்டையான சாலையில் இந்த வேலையை நன்றாகச் செய்யும். ஏற்ற இறக்கத்தில் அது வேகத்தை விடாப்பிடியாகக் காக்க ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி, தானியங்கி கியர் வண்டியில் கியரையும் இறக்கும். அந்த இடங்களில் அதை அணைத்துவிட்டு ஏற்றத்தில் ஐந்து கி.மீ. குறைய விட்டு, இறக்கத்தில் மீட்டுக்கொள்ளலாம்.

ஹைப்ரிட் வண்டிக்கு இந்தக் கணக்கில் பிரேக் வரியும் ஐட்லிங் வரியும் மாறிவிடும்: மென்மையான பிரேக்கில் ஆற்றலின் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது, சிக்னலில் எஞ்சின் பெரும்பாலும் ஓடுவதே இல்லை. டயரின் இழுப்பு அங்கேயும் அப்படியே இருக்கும், அதனால் மொத்தச் செலவு குறையக் குறைய டயர் காற்றின் சதவீதம் ஏறும்.